ஐம்பத்தேழுக்கு அப்புறம் அறுபத்தொன்று

மாசக் கடைசி ராத்திரி என்றால் இசக்கிமுத்துவுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பகல் ட்யூட்டிக்காரர்களுக்கு மாதம் காலையில் பிறக்கும். இவனுக்கு மட்டும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே, நட்டநடு ராத்திரியில் பிறக்கும். மாத்திரை அட்டையில் 06/2026 என்று போட்டிருந்தால் ஜூன் 30 முடிய அதை விற்கலாம். பன்னிரண்டு அடித்துவிட்டால் அதே அட்டை காலாவதி. பதினொன்றரைக்கு வந்தவருக்குத் தாராளமாகக் கொடுத்ததைப் பன்னிரண்டே காலுக்கு வருகிறவருக்குக் கொடுக்கக் கூடாது.

ஹைகிரவுண்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர் வரிசையில் கடை. விடிய விடியத் திறந்திருக்கும். ஒரு மணி வாக்கில் கூட்டம் ஓயும். டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டு ஸ்டூலில் சாய்ந்துவிடுவார். கடைப்பையன் மாரி குளுக்கோஸ் அட்டைப்பெட்டிகளைப் பரப்பி அதன்மேல் படுத்திருந்தான்.

வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணாச்சி போட்டிருந்த படங்களை இசக்கி அப்போதுதான் திறந்தான். நாலு ஸ்கிரீன்ஷாட். பேட்ச் வாரியான எக்ஸ்பைரி லிஸ்ட். அண்ணாச்சி வீட்டில் படுத்தபடியே தன் போனில் ரிப்போர்ட்டைத் திறந்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எடுத்து அனுப்புவார். அதைப் பார்த்துப் பகலில் கோமதி ஒவ்வொரு ராக்காகத் துழாவி எடுத்து ரிட்டர்ன் பெட்டியில் போட்டுவிடுவாள். கீழேயே பதிலும் போட்டிருந்தாள்: 'எல்லாம் எடுத்தாச்சு அண்ணாச்சி.' அதற்கு அண்ணாச்சி ஒரு கட்டைவிரல்.

கோமதி எதையும் விடுகிறவள் இல்லை. இசக்கி பார்த்தது தூக்கம் வராமல் இருக்கத்தான். படத்தைப் பெரிதாக்கி இடது ஓரத்து வரிசை எண்ணை மட்டும் விரலால் தடவிக்கொண்டே வந்தான். மூன்றாவது படத்தின் கடைசி வரி 57, ஐபுப்ரோஃபென் சிரப். நாலாவது படத்தின் முதல் வரி 61, அயர்ன் டானிக். அவ்வளவுதான், அப்புறம் 62, 63 என்று ஒழுங்காகப் போனது.

நடுவில் மூன்று வரியைக் காணோம். அண்ணாச்சியின் கட்டைவிரல் ஒரு தள்ளு அதிகமாகத் தள்ளிவிட்டது.

ரிப்போர்ட்டைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். ஆனால் அதற்கு அண்ணாச்சியின் பாஸ்வேர்டு வேண்டும். ராத்திரி ஆளுக்குப் பில் போடுகிற பக்கம் மட்டும்தான் திறக்கும். சரி, லிஸ்ட் இங்கிலீஷ் அகரவரிசையில்தானே போகிறது என்று யோசித்தான். அண்ணாச்சி ஸ்டாக் ஏற்றும்போது கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரைத்தான் முதலில் அடிப்பார். ஐபுப்ரோஃபெனுக்கும் அயர்னுக்கும் நடுவில் என்ன வரும்? நெபுலைசரில் போடுகிற இப்ராட்ரோப்பியம் வரும். அதற்கு முன்னால் இன்சுலின்.

எழுந்து போய் ராக்கைப் பார்த்தான். இப்ராட்ரோப்பியத்தில் ஒரு பெட்டி, 06/2026. அதை எடுத்துவைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தான்.

இன்சுலின் 30/70, பத்து மில்லி குப்பி. முன்வரிசையில் ஐந்து, பின்னால் நாலு. ஒரு குப்பியை எடுத்து, பூத்திருந்த ஈரத்தைப் பெருவிரலால் துடைத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். எறும்பு எழுத்தில் 06/2026. ஐந்தும் அதே பேட்ச். பின்வரிசை நாலும் 03/2027. சீக்கிரம் முடிகிற சரக்கை முன்னால் வை என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்ததே இசக்கிதான். அதனால் கை நீட்டினால் முதலில் அகப்படுவது பழசாகத்தான் இருக்கும்.

ஃப்ரிட்ஜ் கதவின் தட்டில் ஒரு பேப்பர் கவர் இருந்தது. மேலே பில்லைச் சுற்றி ரப்பர் பேண்டு. பில்லில் நேரம் 00:14. உள்ளே 06/2026 குப்பி ஒன்று.

"ஏல மாரி, இது யாருக்குடா?"

மாரி கண்ணைத் திறக்காமலே சொன்னான். "சேர்மாதேவித் தாத்தாவுக்குண்ணே. அவரு வீட்டம்மாவ வார்டுல சேத்திருக்கு. இவரு ஊசி மருந்த ஊர்லயே வச்சிட்டு வந்துட்டாராம். காலைல வந்து வாங்கிக்கிடுதேன், இங்கயே குளுமைல வச்சிருங்கன்னாரு. நீங்க சாப்பிடப் போயிருந்தீய."

"பில்லு போடையில செவப்பா ஒண்ணும் வரலியா?"

"வந்துச்சு. ஓக்கே குடுத்தா போயிருமேண்ணே."

காலாவதிச் சரக்குக்குப் பில்லே ஓடாதபடி பூட்டு போட்டுவிடலாம். மாசாமாசம் ரிட்டர்ன் எழுதும்போது அது இடைஞ்சலாக இருக்கிறதென்று அண்ணாச்சிதான் வெறும் எச்சரிக்கையாக மாற்றி வைத்திருந்தார்.

இசக்கி அவருக்குப் போன் போட்டான். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்.

"என்னடே இந்நேரம்? டிரக் இன்ஸ்பெக்டரு வந்துட்டாரா?"

விஷயத்தைச் சொன்னான். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"மொத்தம் ஆறா? ஃப்ரிட்ஜ் சரக்க ஸ்டாக்கிஸ்ட் திருப்பி எடுக்க மாட்டாம்லே. அவ்வளவும் நம்ம தலையிலதான்."

"ஆமா அண்ணாச்சி."

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாயிருந்த மருந்து ஒரு மணி நேரத்துல கெட்டா போயிரும்? பதினோரு மணிக்கு அந்தப் பெரியவரு வந்திருந்தா நீயே குடுத்திருப்பல்லா?"

"குடுத்திருப்பேன்."

"அப்புறம் என்ன?"

இசக்கிக்கும் அது தெரியும். குப்பியை உள்ளங்கையில் உருட்டினால் புதுசு மாதிரியே பால் போலக் கலங்கும். ஆனால் அந்தத் தேதி வரைக்கும்தான் கம்பெனிக்காரன் பொறுப்பு. அதற்கு மேல் சர்க்கரை இறங்கவில்லையென்றால் பெரியவர் ரெண்டு யூனிட் கூட்டிப் போடுவார், அப்புறம் புதுக் குப்பி வாங்கியதும் அதே அளவைப் போட்டு மயங்கி விழுவார். இதையெல்லாம் ராத்திரி ஒன்றேகாலுக்கு அண்ணாச்சியிடம் விளக்க அவனுக்குத் தெம்பில்லை.

"பில்லுல பார்மசிஸ்ட்டுன்னு எம் பேருல்லா இருக்கு அண்ணாச்சி. நான் பழைய பில்ல கேன்சல் பண்ணிட்டுப் புது பேட்ச்சக் குடுக்கேன். அது ஏழு ரூவா கூட. பெரியவருகிட்டக் கேக்க மாட்டேன்."

"அந்த ஏழு ரூவாய யாரு தருவா?"

"படம் எடுத்தது நீங்கதானே?"

அண்ணாச்சி போனை வைத்துவிட்டார்.

ஆறு குப்பிகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, இப்ராட்ரோப்பியத்தையும் உள்ளே வைத்து, 'விற்பனைக்கு அல்ல' என்று மார்க்கரில் எழுதினான். விற்கிற சரக்கோடு சேராமல் தனியே வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் ரிட்டர்ன் பெட்டிக்குப் பக்கத்தில், பின் ரூமில் கொண்டுபோய் வைத்தான். கவரில் 03/2027 குப்பி ஏறியது. பெட்டியைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டு '58 முதல் 60 வரை விட்டுப்போயிருக்கு' என்று எழுதினான். கோமதியைக் குற்றம் சொல்வதுபோல் இருக்குமோ என்று தோன்றியதால், 'படத்தில் அந்த மூணு வரியும் இல்லை' என்று இன்னொரு வரி சேர்த்தான்.

அஞ்சரைக்கு அண்ணாச்சியின் பழைய ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. வழக்கமாக எட்டு மணிக்கு வருகிறவர். பேசாமல் பின் ரூமுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு குப்பியாகப் பார்த்தார். வெளியே வந்தவர், "மூணு வரின்னா ரெண்டுதான கெடக்கு? இன்னொண்ணு எங்கடே?" என்றார்.

"அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். ரிப்போர்ட்டப் பாத்தாத் தெரிஞ்சிரும். பாஸ்வேர்டு..."

அண்ணாச்சி மாரியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு இசக்கியின் காதருகே குனிந்து நாலு எண்ணைச் சொன்னார். வாசலில் நின்ற ஸ்கூட்டரின் நம்பர்.