ஜூலை 6, திங்கட்கிழமை: வேலைக்கு வருமுன் உங்களுக்கு ஒரு கடிதம்

29 ஜூன் 2026
எஸ்டேட் அலுவலகம், லங்காப், பேராக்

அன்புள்ள குமாரி கவிதா,

வணக்கம். செக்ரோல் கிராணி வேலைக்கு நீங்கள் வருவதில் அலுவலகத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. நேர்முகத்தில், “பேர் கணக்கு தப்பினால் யாருக்கு நஷ்டம்?” என்று மேனேஜர் கேட்டார். “குலை வெட்டுகிறவர் குடும்பத்துக்கு” என்று யோசிக்காமல் சொன்னீர்கள். அந்தப் பதிலுக்காகவே உங்களை எடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

முதல் நாள் பற்றிச் சில விவரங்கள். பொறுமையாகப் படியுங்கள், அப்பா அம்மாவிடமும் காட்டுங்கள்.

முதலில் நேரம். அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 5 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. சனிக்கிழமை 12:30 வரை. ஞாயிறு விடுமுறை. ஆனால் இந்தத் திங்கள் மட்டும் 5:45க்கே வந்துவிடுங்கள். 6 மணிக்குப் பெரட்டு. மண்டோர்கள் பேர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்குப் போவது என்று பிரிப்பதை நீங்கள் நின்று பார்க்க வேண்டும். நாள் முழுதும் கணினியில் ஏறப்போகிற ஒவ்வொரு பேருக்கும் அங்கே ஒரு முகம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் செக்ரோலைத் தொட்டால் அது வெறும் எண்ணாகவே தெரியும். இந்த வேலைக்கு வருகிறவர்களை நான் பெரட்டிலிருந்துதான் தொடங்க வைப்பேன். சீக்கிரம் வருவதால் அன்று 3 மணிக்கே வீட்டுக்குப் போகலாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதச் சம்பளம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும், சட்டமே அப்படி. அதாவது உங்கள் இரண்டாவது நாளே சம்பள நாள். திங்களன்று அலுவலகம் பரபரப்பாக இருக்கும், நான் அடிக்கடி எழுந்து போவேன். உங்களைக் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வருடம் முழுக்கக் கற்றுக்கொள்வதில் பாதியை அந்த இரண்டு நாளில் பார்த்துவிடலாம், அதனால்தான் 6ஆம் தேதியே தொடங்கட்டும் என்றேன்.

அடுத்தது பத்திரங்கள். மைகார்ட் அசலும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் எடுத்த இரண்டு நகலும் வேண்டும். நகலின் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் ‘வேலைப் பதிவுக்கு மட்டும்’ என்று எழுதுங்கள். எங்கு கொடுத்தாலும் இப்படிச் செய்யும் பழக்கம் நல்லது. யார் கேட்டாலும் மைகார்ட் படத்தை வாட்சாப்பில் அனுப்ப வேண்டாம். நானும் கேட்க மாட்டேன்.

எஸ்பிஎம் சான்றிதழ், டிப்ளோமா சான்றிதழ் இரண்டின் அசலையும் கொண்டுவாருங்கள். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அன்றே கையில் திருப்பித் தருவோம். உங்கள் பேரிலேயே உள்ள வங்கிக் கணக்கின் விவரப் பக்கம் ஒன்று தேவை, அப்பா பேரில் உள்ள கணக்கு ஆகாது. பீடோரில் கடையில் வேலை செய்ததாகச் சொன்னீர்களே, அப்போது இபிஎப் பிடித்திருந்தால் அந்த எண்ணைக் குறித்து வாருங்கள், புதிதாக எண் எடுக்கக் கூடாது. வருமான வரி எண் இருந்தால் அதுவும். இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம், மோட்டார் லைசென்ஸ் நகல், கிளினிக்கில் எடுத்த மருத்துவச் சான்றிதழ். மருத்துவச் செலவு எஸ்டேட்டுடையது, ரசீதைத் தொலைக்காமல் கொடுத்தால் பணம் கிடைக்கும்.

வேலை ஒப்பந்தம் இரண்டு பிரதிகள் மேசையில் இருக்கும். மாதம் 1,900 ரிங்கிட், மூன்று மாதம் சோதனைக் காலம் என்று பேசியதே அதில் எழுதியிருக்கும். இபிஎப்புக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு பிடிக்கப்படும், அதற்கு மேல் எஸ்டேட் தன் பங்காக 13 விழுக்காடு கட்டும். சொக்சோவும் உண்டு. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். படியுங்கள், புரியாததைக் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு மறுநாள் போட்டாலும் சரிதான்.

உடை விஷயத்தில் ஒன்றை மட்டும் கட்டாயமாகச் சொல்வேன்: செருப்பு வேண்டாம். பெரட்டு முடிந்ததும் ஒரு மணி நேரம் காட்டுக்குள் போவீர்கள். செம்பனை மட்டையின் முள் சிலிப்பரைத் துளைத்துக்கொண்டு ஏறும், அந்தப் புண் சுலபமாக ஆறாது. கால் மூடிய காலணி போட்டு வாருங்கள். பூட்ஸ், ஹெல்மெட், பளிச்சென்ற மேல்சட்டை மூன்றும் ஸ்டோரில் தருவார்கள், உங்கள் கால் அளவை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் அன்றைக்கு வசதி. மற்ற நாட்களில் பஞ்சாபி சூட், பாஜூ குரோங், சேலை எது உங்களுக்குச் சௌகரியமோ அதுவே போதும். புதுத் துணி வாங்கிச் செலவு செய்ய வேண்டாம். மாற்றிக்கொள்ள ஓர் உடை பையில் இருக்கட்டும், காலைப் பனியில் புல் நனைந்திருக்கும்.

வழி: லங்காப் முச்சந்தியிலிருந்து எஸ்டேட் வேன் 5:20க்குப் புறப்படும். முதல் நாள் மோட்டாரில் வருவதை விட வேனில் வருவதே நல்லது. அந்த நேரம் கும்மிருட்டு, மழை பெய்திருந்தால் உள்பாதை வழுக்கும், பழ லாரிகளும் ஓடும். அப்பாவோ அண்ணனோ வாசல்வரை கொண்டுவந்து விட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

வாசலில் ஜாகாவிடம் பேர் சொல்லிப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுங்கள், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பெரட்டில் வெளிக்காட்டுக் கிராணி உங்களைச் சந்திப்பார். நரைத்த மீசை, கையில் நீல டார்ச். எட்டு மணி வரை அவருடனேயே இருங்கள். மண்டோர்களை அண்ணன் என்றே கூப்பிடலாம். பழம் பொறுக்கும் அக்காமார்கள் உங்களை ஊர், வீடு, சொந்தம் எல்லாம் கேட்பார்கள். வெட்கப்படாமல் பேசுங்கள். இந்தோனேசியா, வங்காளதேசத்துத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேரைக் காதால் கேட்டபடி எழுதாமல், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தைப் பார்த்து எழுதப் பழகிக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறினால் வங்கியில் பணம் நின்றுவிடும்.

எட்டு மணிக்கு என்னிடம் வாருங்கள். சேர்ந்து பசியாறுவோம், கேன்டீனில் தோசையும் நாசி லெமாக்கும் உண்டு. அதன் பிறகு டிரெஸ்ஸரிடம் மருத்துவச் சான்றிதழைக் காட்டிவிட்டு, பத்து மணிக்குச் சின்னத்துரையைப் பார்ப்போம். மேனேஜர் அன்று ஈப்போவில் கூட்டத்தில் இருப்பார், புதன்கிழமை உங்களைச் சந்திக்கிறார்.

இந்த வேலைக்காக யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. அப்படி யாராவது கேட்டால், அவர் யாராக இருந்தாலும், உடனே என்னிடம் சொல்லுங்கள்.

வேனுக்கு இடம் பிடிக்க வேண்டும், பூட்ஸும் எடுத்து வைக்க வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் கால் அளவையும், வேனில் வருகிறீர்களா என்பதையும் என் எண்ணுக்கு வாட்சாப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். திங்கள் காலை உடம்பு சரியில்லை, வண்டி கிடைக்கவில்லை என்றால் ஐந்து மணியானாலும் தயங்காமல் கூப்பிடுங்கள், நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
சுப்ரமணியம்
பெரிய கிராணி