பதினெட்டாம் வாய்ப்பாடு

கனடாவில் இருந்து வந்த அந்தச் சின்னப் பெட்டி பன்னிரண்டு நாட்களாக அலுமாரியின் மேல்தட்டில், கூறைச் சேலைக்கும் பழைய காணி உறுதிக்கும் நடுவில் கிடந்தது. மாமா தொலைபேசியில் கேட்ட ஒவ்வொரு முறையும் அம்மம்மா, "பார்க்கிறேன் தம்பி, ஆறுதலாகப் பார்க்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாம் நாள் சனிக்கிழமை. அம்மா கிளிநொச்சியில் உள்ள தொழிற்சாலை வேலைக்கு விடியற்காலை பஸ்ஸில் போய்விட்டாள். அபி கதிரையைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள்.

"அதை ஏன் இப்போது எடுக்கிறாய், பிள்ளை? கிளினிக்கில் மாதம் ஒருமுறை பார்க்கிறார்கள்தானே."

"மாதத்துக்கு முப்பது நாள் இருக்கிறது, அம்மம்மா. மற்ற இருபத்தொன்பது நாளும் சீனி என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்?"

அபி ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோடு வாதாடி வெல்ல முடியாது என்று அம்மம்மாவுக்குத் தெரியும். விறாந்தையில் பாயை விரித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் பாதி இழைத்த குட்டான்கள் கிடந்தன. நீர்வேலியில் எல்லோருக்கும் வாழைத் தோட்டம் இருக்கவில்லை. அம்மம்மாவுக்கு இருந்தது ஓலைதான். பனங்கட்டி வைக்கும் குட்டானை ஐம்பது வருடங்களாக இழைக்கிறாள்.

பெட்டிக்குள் ஒரு மீற்றர், ஒரு சிறு குப்பியில் ஸ்ட்ரிப்புகள், பேனை போன்ற ஒரு குத்தூசி, ஒரு பை நிறைய ஊசிகள். விளக்கத் தாளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டும். அபி படங்களைப் பார்த்துப் பார்த்து முன்னேறினாள். ஸ்ட்ரிப்பைச் செருகியதும் மீற்றர் தானாகவே விழித்துக்கொண்டது. திரையில் ஒரு துளி மின்னி மின்னி மறைந்தது.

"இரத்தம் கேட்கிறது, அம்மம்மா."

அம்மம்மா கையை மடியில் இருந்து எடுக்கவில்லை.

"பயமா? வேண்டுமானால் முதலில் எனக்குக் குத்திக் காட்டுகிறேன்."

"விடு அதை!" அம்மம்மா பேனையைப் பறித்தே விட்டாள். "ஒருவருக்குக் குத்திய ஊசி மற்றவருக்கு ஆகாது. கிளினிக்கில் தாதிப் பிள்ளை படித்துப் படித்துச் சொன்னது. உனக்கு ஏன் இந்த வேலை? இந்தா, குத்து."

நீட்டியது வலது கைச் சுட்டுவிரல். அபி நுனியில் வைத்து அழுத்தினாள். 'டிக்' என்றது. ஒன்றும் வரவில்லை. மறுபடியும் குத்தினாள். ஓலை வார்ந்து வார்ந்து அந்த விரல் நுனி காய்த்துப் போயிருந்தது. மூன்றாம் குத்தில் கடுகளவு இரத்தம் வந்தது. அதை ஸ்ட்ரிப்பில் தொட்டபோது மீற்றர் பிழை என்று காட்டியது. துளி போதவில்லை.

"ஒரு ஸ்ட்ரிப் போய்விட்டதா?" அம்மம்மாவுக்கு வலியைவிட அதுதான் உறைத்தது. "அவன் அங்கே குளிரில் நின்று உழைத்து அனுப்பியது."

அபி படங்களை மறுபடியும் பார்த்தாள். படத்தில் இருந்த ஊசி விரல் நுனியின் நடுவில் இல்லை, பக்கவாட்டில் இருந்தது. பேனையின் தலையில் ஒரு சக்கரமும் அதில் எண்களும் இருந்தன. எண் கூடினால் ஊசி ஆழமாக இறங்கும். இரண்டில் இருந்ததை நான்குக்குத் திருப்பினாள். அம்மம்மாவைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய்ச் சவர்க்காரம் போட்டு, இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைத்து, கையைக் கீழே தொங்கவிட்டு உதறச் சொன்னாள். இந்த முறை இடது கை மோதிரவிரல். ஓலை வேலையில் அந்த விரலுக்கு அதிகம் பங்கில்லை. தோல் இன்னும் மென்மையாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் ஒரே குத்து. குன்றிமணி போல இரத்தம் எழும்பி நின்றது. ஸ்ட்ரிப்பின் விளிம்பு அதைத் தானே உறிஞ்சிக்கொண்டது.

ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று.

11.6.

அம்மம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளினிக் கொப்பியை எடுத்தாள். போன மாதம், வெறும் வயிற்றில், 212. திரையைப் பார்த்தாள். கொப்பியைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பதினொன்று! நல்லூர்க் கந்தா! இருநூற்றுப் பன்னிரண்டு பதினொன்றாகப் போய்விட்டதே!"

அபியும் துள்ளினாள். கொப்பியில் அன்றைய தேதியைப் போட்டு 11.6 என்று வட்டமிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் அம்மம்மா பிளேன்ரீ ஊற்றினாள். ஆறு மாதமாகத் தொடாத பனங்கட்டியில் ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டு குடித்தாள். "பனங்கட்டி சீனியில்லைத்தானே, அது பனையின் சாறு" என்று ஒரு நியாயமும் சொன்னாள். நம் ஊரில் பலர் சொல்லும் நியாயம் அது. இரத்தம் அதைக் கேட்பதில்லை.

பத்தரை மணிக்கு ஆசை விடவில்லை. "இன்னும் ஒருக்கால் பார்ப்போமா, குஞ்சு?"

15.9.

"கொஞ்சம் கூடியிருக்கிறது" என்றாள் அபி. "ஆனாலும் சின்ன எண்தான்." சொல்லும்போதே குரல் இறங்கியது. எண்ணுக்குக் கீழே எறும்பு போல ஏதோ எழுத்து இருந்தது. mmol/L. கிளினிக் கொப்பியைத் திறந்தாள். அங்கே mg/dL. சந்தையில் இறாத்தலும் கிலோவும் ஒன்றில்லை என்று அம்மம்மாதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மாலை ஆறரைக்கு மாமா அழைத்தார். அங்கே காலை ஒன்பது மணி. அபி முதலில் கேட்டது எழுத்தைப் பற்றி.

"அடடா, நான் சொல்ல மறந்துவிட்டேன், பிள்ளை. கனடாவில் இந்த அளவில்தான் பார்ப்பார்கள். ஊரில் உள்ள கணக்குக்கு மாற்றப் பதினெட்டால் பெருக்க வேண்டும். எத்தனை வந்தது?"

அபி பதில் சொல்லவில்லை. கொப்பியின் பின்பக்கத்தில் பெருக்கினாள். 11.6 இருநூற்று ஒன்பதுக்குக் கிட்ட வந்தது. அடுத்ததைப் பெருக்க முடியாமல் கண்ணில் நீர் முட்டியது.

"நான்தான் நல்லது என்று சொன்னேன், அம்மம்மா. அதனால்தான் நீங்கள் பனங்கட்டி தின்றீர்கள்."

அம்மம்மா தொலைபேசியை வாங்கி, "பிறகு எடு, தம்பி" என்று வைத்துவிட்டாள். அபியை இழுத்து அணைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். படலையடியில் பூவரசம் இலைகள் அசைந்துகொண்டிருந்தன.

"பெட்டியை ஏன் மேலே வைத்தேன் தெரியுமா? எண்ணைப் பார்க்கப் பயம். உன் தாத்தாவுக்கும் இதே வருத்தம். 1995இல், ஐப்பசி மாத மழையில், எல்லோரும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் நடந்தோமே, அப்போது அவருடைய காலில் கல் குத்தியது. சின்னக் காயம். கையில் குளிசை இல்லை. சீனி எவ்வளவு என்று பார்க்க வழியும் இல்லை. காயம் ஆறிக்கொண்டு வருகிறது என்றே நினைத்தோம். கடைசியில் பாதத்தை எடுக்க வேண்டி வந்தது." அவள் கை அபியின் தலையில் இருந்தது. "அன்று எனக்கு ஒரு எண் தெரிந்திருந்தால் போதும். இன்று எண் கைக்கு வந்திருக்கிறது, நான் அலுமாரியில் ஒளித்து வைத்தேன். பிழை உன்னுடையது இல்லை, ராசாத்தி."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மற்றதைச் சொல்லு. பதினைந்து புள்ளி ஒன்பதா?" என்றாள்.

"பதினெட்டால் பெருக்க வேண்டும். பதினெட்டாம் வாய்ப்பாடு எனக்குப் பாடமில்லை."

"எனக்கும் இல்லை. சந்தையில் இருபது குட்டானுக்கு இரண்டைக் கழித்துப் பதினெட்டின் காசு தருவார்கள், அது பாடம். முதலில் இருபதால் பெருக்கு."

"முந்நூற்றுப் பதினெட்டு."

"அதில் பத்தில் ஒரு பங்கைக் கழி."

அபி விரல் மடக்கினாள். "முப்பத்தொன்று புள்ளி எட்டு போனால்... இருநூற்று எண்பத்தாறு!" கொப்பியில் நீட்டிப் பெருக்கிப் பார்த்தாள். அதே விடை. அழுத கண்ணோடு சிரித்தாள். "ரீச்சர்கூட இப்படிச் சொல்லித் தரவில்லை!"

அடுத்த கிளினிக் நாளில் வைத்தியர் அந்தக் கொப்பியை நிதானமாகப் புரட்டினார். இரண்டு அளவும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தது அவருக்குப் பிடித்துப்போனது. குளிசையைக் கூட்டினார். காலையில் சாப்பாட்டுக்கு முன் 80க்கும் 130க்கும் இடையில் வரப் பார்க்கலாம் என்றார். 70க்குக் கீழே இறங்கி வியர்த்து நடுங்கினால் மட்டும் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணிநேரத்தில் மறுபடி பார்க்கச் சொன்னார். அபி அதை மட்டும் சிவப்புப் பேனையால் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாள். 70 என்றால் மீற்றரில் 3.9 என்பதையும் பக்கத்தில் எழுதினாள். இரவுச் சோறு குரக்கன் புட்டாக மாறியது. புட்டின் அளவும் ஒரு குழலோடு நின்றது.

ஒருநாள் பின்னேரம் சாப்பாட்டுக்கு முன் 12.9 வந்து இருவரையும் திகைக்க வைத்தது. குளிசை போட்டாயிற்று, பனங்கட்டியை வாயில் வைக்கவில்லை. அம்மம்மா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"கடைக்காரருக்குப் பனங்கட்டியைக் குட்டானில் கட்டிக் கொடுத்தேன். கையை வேட்டித்துணியில்தான் துடைத்தேன்."

கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தார்கள். 8.1. ஒட்டிக்கிடந்த இனிப்பைத்தான் மீற்றர் அளந்திருக்கிறது. அன்றிலிருந்து கிணற்றடியில் சவர்க்காரத்துக்கு ஒரு சிரட்டை நிரந்தரமாக வந்தது. முதல் எண்ணை அபி அழிக்கவில்லை. ஒரு கோடு போட்டு, 'கை கழுவவில்லை' என்று எழுதினாள்.

ஆடி முடிகிற சமயம், ஒரு திங்கட்கிழமை அபி எழும்பியபோது விறாந்தையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொப்பி திறந்திருந்தது. அம்மம்மாவின் கோணல் எழுத்தில் 7.1, அதன் பக்கத்தில் 128. பாவித்த ஊசி, மூடி இறுக்கிய பால்மா டின்னுக்குள் போயிருந்தது. ஸ்ட்ரிப் குப்பியும் ஈரக்காற்று போகாமல் மூடியிருந்தது.

"என்னை ஏன் எழுப்பவில்லை?" அபிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ இரவு பத்து மணிவரை படித்தாய். கணக்குச் சரியா பார்."

அபி இருபதால் பெருக்கிப் பத்தில் ஒன்றைக் கழித்தாள். சரியாகத்தான் இருந்தது. கீழே சின்னதாக ஒரு சரியடையாளம் போட்டாள்.

மாலையில் மாமா அழைத்தார். "எத்தனை, அம்மா?"

"ஏழு புள்ளி ஒன்று. உன்னுடைய கணக்கிலேயே சொல்கிறேன்." அம்மம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உன் அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது. உனக்கும் நாற்பத்தாறு ஆகிறது. உன்னுடையது எத்தனை, தம்பி?"

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பனிபடாத கோடைக் காலையின் வாகனச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் இன்னும் பார்க்கவில்லை, அம்மா."

அபி கொப்பியில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, மேலே மாமாவின் பெயரை எழுதிக் கோடு இழுத்தாள்.