ஆப்ஷன் இல்லாத கேள்விக்கு

அம்மணி, நீ அனுப்பிய கேள்வி வந்தது. வந்தது இவ்வளவுதான்:

“47. பின்வருவனவற்றுள் காவிரியின் துணையாறு அல்லாதது எது? (A)”

அதற்குக் கீழே, “எனக்கு பி-னு தோணுதுங்க சார், சரிங்களா?” என்று கேட்டிருக்கிறாய். எந்த பி? பிடிஎஃப்-பில் இருந்து காப்பி பண்ணும்போது கேள்வி மட்டும் வந்து, ஆப்ஷன்கள் அங்கேயே நின்றுவிட்டன போல. அந்த ஒற்றை (A) மட்டும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதையே விடை என்று நினைத்துவிடாதே.

“ஆறு தெரிந்தால் போதாதா, ஆப்ஷன் எதுக்குங்க” என்பாய். “பவானி காவிரியில் கலக்கும் இடம் எது?” என்று கேட்டிருந்தால் ஆப்ஷனே வேண்டாம், கூடுதுறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இது ‘அல்லாதது எது’ கேள்வி. காவிரியில் சேராத ஆறு நாட்டில் எத்தனையோ; வைகையும் சரி, தாமிரபரணியும் சரி. அதில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியில் சேர்பவை. நாலாவதாக ஆழியாறு இருந்தால் அதுதான் விடை. நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து ஆறுதான், ஆனால் மேற்கே கேரளாவுக்குள் போய் பாரதப்புழையோடு சேர்ந்துவிடுகிறது. ஆழியாறு இருக்கும் இடத்தில் மோயாறு இருந்தால்? அது பவானியில் சேர்ந்து, பவானி வழியாகக் காவிரிக்குப் போகிறது. மற்ற மூன்றும் நேராகச் சேர்வதால் மோயாறைக் குறிக்கலாம். ஆனால் மோயாறு, ஆழியாறு இரண்டுமே இருந்தால் ஆழியாறுதான். மோயாற்றுத் தண்ணீராவது கடைசியில் காவிரிக்கு வருகிறதே. கொள்ளிடம் இருந்தால் கதை வேறு. அது காவிரியில் வந்து சேரும் ஆறு இல்லை, காவிரியிலிருந்து பிரிந்து போகும் கிளையாறு. ஹேமாவதி, கபினி என்று கர்நாடகப் பெயர்களைப் பார்த்ததும் நம்மூர் இல்லையே என்று அடித்துவிடாதே, இரண்டும் துணையாறுகள்தான்.

கேள்வி ஒன்றுதான், பக்கத்தில் நிற்கும் பெயர் மாற மாற விடையும் மாறுகிறது பார். சரியான ஆறு இதுதான் என்று வைத்துக்கொண்டாலும், அது ஏ-யில் இருக்கிறதா டி-யில் இருக்கிறதா என்பது எனக்கெப்படித் தெரியும்? கைடில் ஒரு வரிசை, மாதிரித் தேர்வில் ஒரு வரிசை. இப்போது உன் பி-க்குச் சரி என்று தலையாட்டினால் அது குருட்டடிதான். நாளைக்கு நீயும் “சார் சொன்னார்” என்று அதையே எழுதிவிட்டு வருவாய். குரூப் 4-ல் 200 கேள்விக்கு 300 மதிப்பெண், ஒரு கேள்வி ஒன்றரை. அது என்னால் போக வேண்டாம்.

நீ அனுப்பாமலே எனக்குத் தெரிந்த ஆப்ஷன் ஒன்றே ஒன்றுதான்: (E) விடை தெரியவில்லை. இப்போதைக்கு என் விடையும் அதுதான்.

அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கேள்வி எண்ணும் நாலு ஆப்ஷனும் தெரிகிற மாதிரி. ஒன்பதரை வரைக்கும் முழித்துத்தான் இருப்பேன். அப்புறம் 48-க்கும் ஆப்ஷன் வரவில்லை, அதையும் சேர்த்தே எடுத்துவிடு.