இரண்டாம் யூனிட் மூடப்படுவது குறித்து ஊழியர்களுக்கு நிர்வாக இயக்குநரின் காணொளிப் பேச்சு

திருப்பூர், செப்டம்பர் 15, 2025

(கேமராவை நேராகப் பார்த்து, உட்கார்ந்தபடி. பின்னணி இசை வேண்டாம்.)

எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நமது இரண்டாம் யூனிட் நவம்பர் 15, சனிக்கிழமையோடு மூடப்படுகிறது. அங்கே வேலை செய்யும் 84 பேரில் 46 பேர் முதல் யூனிட்டுக்கு மாறுகிறார்கள். 38 பேருக்கு வேலை இருக்காது.

(சற்று நிறுத்தவும்.)

ஏன் இந்த முடிவு, யாருக்கு என்ன கிடைக்கும், இனி என்ன நடக்கும் என்ற மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காரணம். இரண்டாம் யூனிட்டில் தைப்பது பெரும்பாலும் அமெரிக்க ஆர்டர். ஆகஸ்ட் 7 அன்று அந்த நாடு நம் சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. 27 அன்று இன்னொரு 25. நாம் நான்கு டாலருக்கு அனுப்பும் ஒரு பனியனுக்குக் கூடுதல் வரி மட்டுமே இரண்டு டாலர். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் இது 20 சதவீதம்தான். நம் பெரிய பையர் விலையில் கால் பங்கைக் குறைக்கச் சொன்னார். அந்த விலைக்கு ஒப்புக்கொண்டால் துணிக்கும் சாயத்துக்கும் கொடுத்தது போகத் தையல் கூலிக்கு ஒன்றும் மிஞ்சாது. மறுத்துவிட்டேன்; கோடைக்கால ஆர்டர் போய்விட்டது.

பிரிட்டனோடு ஜூலை 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறதே என்று சிலர் கேட்கிறீர்கள். உண்மைதான், அது நமக்கு நல்லது. ஆனால் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதை நம்பி அடுத்த மாதச் சம்பளத்தைப் போட முடியாது.

யூனிட்டை விற்றாயிற்று என்று டீக்கடையில் பேச்சு ஓடுகிறதாம். அது வாடகைக் கட்டடம். டிசம்பரில் குத்தகை முடிகிறது, புதுப்பிக்கவில்லை. விற்க அங்கே ஒன்றும் இல்லை. மெஷின்கள் முதல் யூனிட்டுக்கு வருகின்றன.

(கையிலுள்ள தாளைப் பார்த்தே படிக்கலாம். தொகைகளை நிதானமாகச் சொல்லவும்.)

இனி, யாருக்கு என்ன. டைலர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாகச் சேர்ந்தவர்களே முதலில் விலகுகிறார்கள். சூப்பர்வைசருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற கணக்கு இதில் இல்லை. 38 பேரையும் புதன்கிழமைக்குள் தனித்தனியாக நேரில் அழைத்துப் பேசுவோம். யாருக்கும் போனில் செய்தி வராது.

சட்டப்படி, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. நாம் 25 நாள் தருகிறோம். எட்டு வருடம் வேலை செய்தவருக்கு 200 நாள் சம்பளம். ஐந்து வருடம் முடித்தவர்களுக்குப் பணிக்கொடை இதற்கு மேல் தனி. தீபாவளி போனஸ் 84 பேருக்கும் அக்டோபர் 11 அன்று வங்கிக் கணக்கில் ஏறிவிடும்.

பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு ஒரு விஷயம். வரும் வாரங்களில் வேலை குறையும். அதனால் உங்கள் கூலி குறையாது. கடந்த மூன்று மாதச் சராசரி எதுவோ, நவம்பர் 15 வரை அது கிடைக்கும். இழப்பீடும் அந்தச் சராசரியை வைத்தே.

ஹாஸ்டலில் இருக்கும் ஒடிசா, பீகார் ஊழியர்கள் நவம்பர் 30 வரை வாடகையின்றித் தங்கலாம். ஊருக்குத் திரும்ப ரயில் டிக்கெட் நிறுவனத்தின் பொறுப்பு. இந்தப் பேச்சு ஒடியாவிலும் இந்தியிலும் இன்று மாலையே அங்கே போட்டுக் காட்டப்படும்.

அடுத்து என்ன என்பதற்கு, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஆர்டர் திரும்பி ஆள் எடுக்கும் நிலை வந்தால் இந்த 38 பேருக்கே முதல் அழைப்பு. அது சலுகை அல்ல, சட்டம் தரும் உரிமை. முதல் யூனிட்டில் மார்ச் வரை ஆள் குறைப்பு இல்லை. அதுவரைக்கான ஐரோப்பிய ஆர்டர் கையில் இருப்பதால்தான் இதைத் துணிந்து சொல்கிறேன். மார்ச்சுக்குப் பிறகு எப்படி என்று கேட்டால், இன்று என்னிடம் உறுதி இல்லை. ஜனவரி கடைசியில் இதே இடத்தில் உட்கார்ந்து, நல்லதோ கெட்டதோ, நிலவரத்தைச் சொல்வேன்.

(தாளைக் கீழே வைக்கவும்.)

இந்த முடிவை எடுத்தவன் நான். கோபம் இருந்தால் என்னிடம் காட்டுங்கள். நாளை காலை உங்கள் லைனில் வந்து நிற்கும் சூப்பர்வைசரிடம் வேண்டாம், அவர்களில் மூவர் அந்த 38 பேரில் இருக்கிறார்கள்.

புதன் முதல் வெள்ளி வரை, மாலை நான்கு முதல் ஏழு வரை, இரண்டாம் யூனிட் கேன்டீனில் இருப்பேன். கணக்காளரும் பிஎஃப் விவரங்களோடு உடன் இருப்பார். சம்பளச் சீட்டும் ஆதார் நகலும் கொண்டு வாருங்கள். உங்களுக்கு வரவேண்டிய தொகையை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வந்தாலும் சரி.