ஒற்றை மூலக் கொள்முதலுக்கான காரண விளக்கக் குறிப்பு (திருத்திய வடிவம்)

அனுப்புநர்: பிரிவுத் தலைவர், நீர் வேதியியல் ஆய்வகம்
பெறுநர்: தலைவர், கொள்முதல் குழு
நகல்: உள்தணிக்கைப் பிரிவு
பொருள்: நிறை நிறமாலைமானிக்கான கட்டுப்பாட்டு போர்டை உற்பத்தி நிறுவனத்திடமிருந்து நேரடியாக வாங்க ஒப்புதல் கோருதல்

ஆகஸ்ட் 6 அன்று நான் அனுப்பிய குறிப்பை இந்தக் குறிப்பு முழுமையாக நீக்குகிறது. அந்தக் குறிப்பைத் திருப்பி அனுப்பிய உள்தணிக்கைப் பிரிவு, "தரத்தில் நிகரற்ற நிறுவனம்" என்ற சொற்றொடருக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டிருந்தது. ஆதாரம் இல்லை. அந்தப் பத்தியின் பெரும்பகுதி வழங்குநரின் விளம்பரக் கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதை நீக்கிவிட்டு, எது மெய்யாகவே ஒரே இடத்தில்தான் கிடைக்கும் என்பதைத் தனியே பிரித்துப் பார்த்தேன். பிரித்ததும் கோரிக்கையே சுருங்கிவிட்டது.

முன்பு போர்டு, வெற்றிட பம்பு, மூன்றாண்டுப் பராமரிப்பு ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் கேட்டிருந்தோம். இவற்றின் மொத்த மதிப்பு கருவியின் ஆரம்ப விலையில் 31 சதவீதம். இப்போது கேட்பது போர்டும் அதைப் பொருத்தித் தருவதும் மட்டுமே; இது ஆரம்ப விலையில் 9 சதவீதம். பம்பின் இணைப்பு விளிம்பு பொதுவான அளவிலானது, பல உற்பத்தியாளர்கள் அதைச் செய்கிறார்கள். பராமரிப்பு வேலைக்கும் வேறு இரண்டு நிறுவனங்கள் முன்வந்துள்ளன. ஆகவே இவ்விரண்டுக்கும் வழக்கமான முறையில் ஒப்பந்தப்புள்ளி கோரப்படும்.

தேவை

ஏழு ஆண்டுகளுக்கு முன், நான்கு நிறுவனங்கள் பங்கேற்ற திறந்த ஒப்பந்தப்புள்ளியின் வழியே இக்கருவி வாங்கப்பட்டது. குடிநீரில் பூச்சிக்கொல்லி எச்சங்களைக் கண்டறியும் எங்கள் செயல்முறைகள் 62 சேர்மங்களுக்கு இதில்தான் சரிபார்க்கப்பட்டுள்ளன. ஜூலை 3 அன்று கட்டுப்பாட்டு போர்டு செயலிழந்ததால் கருவி நின்றது.

அவசரத்தைக் காரணமாகக் காட்டவில்லை

முந்தைய குறிப்பில் "கால அவகாசம் இல்லை" என்று எழுதியிருந்தேன். அது நிற்காது. போர்டின் பிழைச் செய்தி பிப்ரவரி 11 முதலே கருவிப் பதிவேட்டில் உள்ளது. ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நாங்கள் நடவடிக்கை எடுக்கவில்லை. நம் தாமதத்தால் வந்த நெருக்கடியைப் போட்டியைத் தவிர்க்கும் காரணமாகச் சொல்ல முடியாது. தவிர, தவிர்க்க முடியாத மாதிரிகளை இப்போது வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிவருகிறோம். செலவு கூடுதல்தான், ஆனால் பணி முற்றிலும் நின்றுவிடவில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரினால் பயன் உண்டென்றால், அதற்கான அவகாசம் நமக்கு இருக்கிறது. பயன் ஏன் இல்லை என்பதே இக்குறிப்பின் ஒரே வாதம்.

ஏன் ஒரே மூலம்

கருவியின் உள்மென்பொருள், போர்டின் வரிசை எண்ணையும் அதில் பதிந்துள்ள அளவுத்திருத்த மதிப்புகளையும் சரிபார்த்த பிறகே இயங்கத் தொடங்கும். அந்த மதிப்புகளைப் பதிவதற்கான மென்பொருள் உற்பத்தி நிறுவனத்திடம் மட்டுமே உள்ளது. இதை அந்நிறுவனத்தின் கடிதத்தை மட்டும் நம்பி எழுதவில்லை. ஒரே மூலம் என்று சொல்வதால் லாபம் அடைபவர் அவர்தான். எனவே பின்வரும் வழிகளை நாங்களே தனியே சோதித்தோம்.

பழுதுநீக்கும் இரண்டு நிறுவனங்களைக் கேட்டோம். ஒன்று, மின்வழங்கல் பகுதியைச் சீர்செய்ய முடியும் என்றும் அளவுத்திருத்த மதிப்புகளைப் பதிய முடியாது என்றும் எழுத்தில் தெரிவித்தது. எங்கள் போர்டில் பழுதடைந்ததோ அந்த மதிப்புகளைத் தாங்கும் நினைவகப் பகுதி. மற்ற நிறுவனம் 15 நாட்களில் பதில் தரவில்லை. பதில் வராததை "இயலாது" என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நினைவூட்டலும் அனுப்பினோம், அதற்கும் பதில் இல்லை. இந்தக் கடிதப் போக்குவரத்து இணைப்பு 2-இல் உள்ளது.

பயன்படுத்திய போர்டு ஒன்று விற்பனைக்கு இருந்தது. விலை பாதிதான். ஆனால் அதன் வரிசை எண்ணை உற்பத்தி நிறுவனம் மாற்றித் தந்தால் ஒழியக் கருவி அதை ஏற்காது. மாற்றித் தரும் கட்டணத்தைச் சேர்த்தால் மிச்சம் சொற்பம், உத்தரவாதமும் இல்லை.

புதிய கருவிக்குப் போர்டின் விலையைப் போல ஏறத்தாழ 12 மடங்கு ஆகும். 62 சேர்மங்களுக்கும் செயல்முறைகளைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும், ஐ.எஸ்.ஓ. 17025 தர அங்கீகாரத்தின்கீழ் இயங்கும் ஆய்வகம் இதைத் தவிர்க்க இயலாது. எல்லா மாதிரிகளையும் ஓராண்டு முழுவதும் வெளியே அனுப்பினால் போர்டின் விலையைப் போல 2.3 மடங்கு செலவாகும்.

இவை போக, நேரடியாக வாங்கும் எண்ணத்தை 14 நாட்கள் பொதுவில் அறிவித்தோம். இரண்டு நிறுவனங்கள் விசாரித்தன. இரண்டும் பராமரிப்பைப் பற்றியே கேட்டன; போர்டைத் தர எவரும் முன்வரவில்லை. பராமரிப்பைத் தனியே பிரித்ததற்கு அந்த விசாரணைகளே காரணம்.

விதிப் பொருத்தம்

ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 2011இல் வெளியிட்ட பொதுக் கொள்முதல் மாதிரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவைத் தழுவியே நம் விதிகள் அமைந்துள்ளன. முன்பு வாங்கிய கருவியோடு பொருந்த வேண்டியதால் அதே வழங்குநரிடம் வாங்கும்போது, முதல் கொள்முதல் தேவையை நிறைவேற்றியதா, புதிய கொள்முதல் அதனோடு ஒப்பிடச் சிறியதா, விலை நியாயமானதா, மாற்றுவழிகள் பொருந்தாதவையா என்று பார்க்கச் சொல்கிறது அது. முதல் கேள்விக்கு இணைப்பு 1-இலுள்ள ஏழாண்டு இயக்கப் பதிவு பதில். இரண்டாவதில் ஒரு தகவலை நானே சொல்லிவிடுகிறேன்: இதே கருவிக்கு முன்பே இருமுறை நேரடியாக வாங்கியிருக்கிறோம். அவற்றையும் சேர்த்தால் மொத்தம் ஆரம்ப விலையில் 14 சதவீதம். 9 என்று மட்டும் எழுதினால் கொள்முதலைத் துண்டுதுண்டாக்கி மறைத்ததாகத் தோன்றும்.

விலை

போட்டி இல்லாத இடத்தில் விலைதான் தணிக்கையின் முதல் கேள்வி. இதே பாக எண் கொண்ட போர்டை அண்மையில் வாங்கிய இரண்டு ஆய்வகங்களின் பட்டியல்களைப் பெற்றோம். எங்களுக்கு வந்த முதல் விலைப்புள்ளி அவற்றின் சராசரியைவிட 13 சதவீதம் கூடுதல். பட்டியல்களை முன்வைத்துப் பேசியதில் அது 4 சதவீதமாகக் குறைந்தது. எஞ்சிய 4 சதவீதம் ஆண்டு விலையேற்றம் என்கிறது நிறுவனம். அதை உறுதிசெய்ய என்னிடம் ஆவணம் இல்லை. குழு விரும்பினால் மீண்டும் பேசலாம். பேச்சுவார்த்தைக் குறிப்பு இருதரப்புக் கையெழுத்துடன் இணைப்பு 4-இல் உள்ளது.

நலன் முரண்பாடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்நிறுவனம் நடத்திய மூன்று நாள் பயிற்சியில் நான் கலந்துகொண்டேன். பயணச் செலவை அவர்களே ஏற்றார்கள். அதனால் மாற்றுவழிகளின் மதிப்பீட்டையும் விலைப் பேச்சையும் நான் செய்யவில்லை. வேறு பிரிவின் மூத்த வேதியியலாளரும் கணக்கு அலுவலரும் செய்தனர். அவர்களின் உறுதிமொழிகள் இணைப்பு 5-இல்.

கோரிக்கை

ஒரு போர்டு, பொருத்துதல், 12 மாத உத்தரவாதம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒப்புதல் வேண்டுகிறேன். இதைச் சாக்காக வைத்து வேறெந்த உதிரிப்பாகத்தையும் சேர்க்கக் கூடாது. சேர்க்க வேண்டுமானால் தனிக் குறிப்பு எழுதப்பட வேண்டும். பொருத்திய பின் அளவுத்திருத்த அறிக்கை கிடைத்து, பத்து சோதனை மாதிரிகளின் முடிவுகள் ஏற்கத்தக்க எல்லைக்குள் வந்த பிறகே பணம் வழங்கப்படும்.

இந்தப் பூட்டுக்குள் நாம் சிக்கியது இன்றல்ல, ஏழு ஆண்டுகளுக்கு முன்பு. அப்போதைய மதிப்பீட்டில் உதிரிப்பாகங்களின் விலை கேட்கப்படவேயில்லை. அடுத்த கருவிக்கான ஒப்பந்தப்புள்ளியில் பத்தாண்டு உதிரிப்பாக விலைப்பட்டியலையும் பழுதுநீக்கும் கையேட்டையும் கட்டாயமாக்கி, அந்தச் செலவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும் என்ற வரைவு நிபந்தனையை இணைப்பு 6-இல் வைத்துள்ளேன். அதையும் குழு இதே கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.