நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம்: அண்டை வீட்டாருக்கு அழைப்பு

நாள்: 27 செப்டம்பர் 2026, ஞாயிற்றுக்கிழமை
நேரம்: காலை 9 மணி முதல் நண்பகல் 12.30 வரை
இடம்: உட்லண்ட்ஸ், புளோக் 786 கீழ்த்தளம்
கட்டணம்: வளர்ப்பு நாய்க்கு 8 வெள்ளி, தெருநாய்களுக்கு இலவசம்

அன்புள்ள அண்டை வீட்டாரே,

சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநோய் இல்லை. பிறகு எதற்கு ஊசி என்று பலர் கேட்டுவிட்டீர்கள். பாலித் தீவிலும் 2008 வரை இந்த நோய் இல்லை. சரவாக்கிலும் 2017 வரை இல்லை. இரண்டு இடங்களிலும் அது நுழைந்த பிறகு மனித உயிர்கள் போயின. நாம் குடியிருப்பதோ ஜோகூர் கடற்பாலத்துக்கு அருகில். நோய் வருவதற்கு முன் போடும் ஊசிதான் நாயையும் காக்கும், அதோடு விளையாடும் பிள்ளையையும் காக்கும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிகமிக அரிது.

மூன்று மாதம் நிரம்பிய குட்டி முதல் எல்லா நாய்களையும் அழைத்து வரலாம். கழுத்துப்பட்டையும் கயிறும் கட்டாயம். கடிக்கும் சுபாவம் இருந்தால் வாய்மூடியும் போட்டு வாருங்கள். உரிமத்தையும் பழைய ஊசி அட்டையையும் மறக்காதீர்கள். பட்டினி போட வேண்டாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சினை என எதுவாக இருந்தாலும் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். போட்ட பின் கால் மணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே கவனிக்க முடியும். ஓரிரு நாள் சோர்ந்து படுத்திருந்தால் பயப்பட வேண்டாம்.

தெருநாய்களைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை. சுங்கை காடுட் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை முடிந்து தங்கள் சோற்றில் பாதியை நாய்களுக்கு வைக்கும் தம்பிகளே, உங்கள் உதவி இல்லாமல் இது நடக்காது. அந்த நாய்கள் உங்கள் குரலைத்தான் நம்புகின்றன. ஆனால் நீங்களே பிடிக்க முயலாதீர்கள். பயந்த நாய் கடித்துவிடும். எந்த இடத்தில், எத்தனை, எத்தனை மணிக்குச் சாப்பிட வரும் என்பதை மட்டும் சொல்லுங்கள். மருத்துவரும் தொண்டூழியர்களும் அன்று பிற்பகல் அங்கேயே வருவார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் பூசாதீர்கள். ஊரில் பாட்டி சொன்ன வைத்தியம்தான். ஆனாலும் இதற்கு உதவாது.

பெயர் பதிய, செப்டம்பர் 20 வரை தினமும் இரவு 7.30 முதல் 9 மணி வரை அதே கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். எட்டு வெள்ளி சிரமம் என்றால் எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்கிறோம். மழை பெய்தாலும் முகாம் நடக்கும்.

இப்படிக்கு,
புளோக் 786 குடியிருப்பாளர்கள்