பிறந்தநாள் வாழ்த்துகள், கடலோடி!

அன்புள்ள கடலோடி,

இன்று உங்களுக்குப் பிறந்தநாள். போன வருஷம் பேச்சுவாக்கில் ஒருமுறை தேதியைச் சொல்லியிருந்தீர்கள், காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டேன். குழுவில் போட்டால் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தனியாக அனுப்புகிறேன். நல்ல உடம்போடும் நிறைந்த மனசோடும் நீண்ட காலம் இருங்கள்.

எத்தனை வயசு என்று கேட்கமாட்டேன். அண்ணன் என்று கூப்பிடுவதா, அக்கா என்பதா என்றுகூட இத்தனை வருஷமாகத் தெரியாது. நீங்கள் வைத்துக்கொண்ட பெயரே எனக்குப் பழகிவிட்டது. சொல்லத் தோன்றும்போது சொல்லுங்கள், தோன்றாவிட்டாலும் சரிதான்.

2018இல் குறிஞ்சி பூத்தபோது நான் போட்ட படத்துக்குக் கீழே, "இதற்கு வாசம் உண்டா?" என்று கேட்டீர்கள். நம் பேச்சு அங்கேதான் தொடங்கியது. அந்த நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலையும் விட்டுவைக்கவில்லை. மரங்கள் சாய்ந்து, கரண்ட் போய், போனும் செத்துவிட்டது. திரும்ப சார்ஜ் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது உங்கள் மெசேஜ்கள்தான். ஐந்து இருந்தன. கடைசியில் வந்ததில் ஒரே சொல், "பத்திரமா?" முகம் பார்க்காத ஒருவர் எங்கோ கடற்கரைப் பக்கம் உட்கார்ந்து எனக்காகக் கவலைப்பட்டிருக்கிறார் என்று நினைத்ததும் அழுதுவிட்டேன். இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

பூம்பாறைப் பூண்டில் ஊறுகாய் போட ஆசை என்று சொன்னீர்கள் அல்லவா? ஒரு கிலோ வாங்கிப் பார்சல் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு விலாசம் கேட்க வேண்டும். பிறந்தநாளைச் சாக்காக வைத்து அதைக் கேட்க மனசு வரவில்லை. அனுப்பச் சொல்லி இதை எழுதவுமில்லை. பூண்டு எங்கும் போய்விடாது.

அதனால் வேறு ஒன்று. உறைபனியைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பீர்களே, இந்த வாரம் நல்ல பனி. இன்று காலை ஆறரைக்கு வெளியே வந்தால் ஸ்கூட்டர் சீட் முழுக்க உப்புத் தூவியதுபோல வெள்ளை. அதில் விரலால் "கடலோடி" என்று எழுதினேன். "டி" எழுதுவதற்குள் விரல் மரத்துப்போய்க் மேல் வளைவு கொஞ்சம் கோணிவிட்டது. படம் எடுத்துக் கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறியது, முதலில் "க" கரைந்தது. அந்தப் படத்தைத்தான் கீழே இணைத்திருக்கிறேன்.

இன்று வீட்டில் ஆட்கள் இருப்பார்கள், வேலையும் இருக்கும். உடனே பதில் போட வேண்டாம். பாயசம் சாப்பிட்டீர்களா என்று மட்டும் நாளைக்கோ மறுநாளோ சொல்லுங்கள்.

அன்புடன்,
கொடையிலிருந்து செல்வி